கிராஸ் 20,800, ஓ.டி. மணிக்கு 130: இந்தக் கணக்கு எங்கே இடறுகிறது?

"பெங்களூரு பீன்யாவில் சி.என்.சி. ஆபரேட்டரா இருக்கேன், ஊர் திருப்பத்தூர் பக்கம். கிராஸ் 20,800. அதுல பேசிக்கும் டி.ஏ.வும் 15,600, வீட்டு வாடகைப்படி 3,120, போக்குவரத்துப்படி 1,040, இதர படி 1,040. போன மாசம் 22 மணி நேரம் ஓ.டி. பார்த்தேன், 2,860 தான் வந்துச்சு. டபுள்னு சொன்னாங்களே? ஒரு நாள் லீவுக்கு 800 வெட்டினாங்க, ஆனா மிச்சமிருந்த 5 நாள் லீவுக்கு 2,600 தான் கொடுத்தாங்க. போன தீபாவளி போனஸ் 6,997. எது சரி, எது தப்புன்னு யாராவது விவரமா சொல்லுங்களேன்."

உங்கள் பேஸ்லிப்பைப் பின்பக்கமிருந்து பிரித்துப் பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். 2,860ஐ 22ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 130. டபுள் என்பதால் அதில் பாதி, 65 ரூபாய்தான் உங்கள் ஒரு மணி நேரக் கூலியாக எடுத்திருக்கிறார்கள். எட்டு மணிக்கு 520. இப்போது 15,600ஐ 30ஆல் வகுங்கள், அதே 520 வரும். லீவுப் பணம் 2,600ஐ 5ஆல் வகுத்தாலும் 520தான். ஆனால் ஒரு நாள் வராததற்கு வெட்டிய 800 எப்படி வந்தது? 20,800ஐ 26ஆல் வகுத்திருக்கிறார்கள். அதாவது உங்களுக்குக் கொடுக்கும்போது பேசிக், அதுவும் 30 நாளால் வகுத்தது. உங்களிடம் பிடிக்கும்போது முழு கிராஸ், அதுவும் 26 நாளால் வகுத்தது. ஒரே பேஸ்லிப்பில் இரண்டு அளவுகோல்.

பீன்யாவிலும் பிறகு பொம்மசந்திராவிலும் சேர்த்து பத்தொன்பது வருடம் டைம் ஆபீசிலும் சம்பளப் பிரிவிலும் இருந்தவன் நான். என்னிடம் வந்த சண்டைகளில் பெரும்பாலானவை இரட்டிப்பா இல்லையா என்பதைப் பற்றியவை அல்ல. எதை இரட்டிப்பது என்பதுதான் பிரச்சினை. தொழிலாளி சம்பளம் என்றால் கிராஸை நினைக்கிறார், கம்பெனி பேசிக்கை நினைக்கிறது. சட்டமோ ஓ.டி.க்கு ஒரு அடிப்படை, லீவுக்கு ஒரு அடிப்படை, போனஸுக்கு வேறொரு அடிப்படை என்று வைத்திருக்கிறது. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஓ.டி.யை முதலில் எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, ஓ.டி.க்கு சாதாரண ஊதிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும் என்றது. அந்தச் சாதாரண ஊதியம் என்ன என்பதையும் அதே பிரிவு விளக்கியது: அடிப்படைச் சம்பளமும், தொழிலாளிக்கு அப்போது உரிமையுள்ள படிகளும் சேர்ந்தது, அதிலிருந்து போனஸும் ஓ.டி. ஊதியமும் மட்டும் கழியும். வீட்டு வாடகைப்படியைக் கழிக்கச் சொல்லி அதில் ஒரு வரியும் இல்லை. அந்தச் சட்டப்படி உங்கள் கணக்கு சுலபம். 20,800ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 800, மணிக்கு 100, இரட்டிப்பு 200. 22 மணிக்கு 4,400 ரூபாய். உங்களுக்கு வந்ததைவிட 1,540 அதிகம்.

இங்கேதான் ஒரு திருப்பம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்குப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பும், சம்பளம், போனஸ் சட்டங்களின் இடத்துக்கு ஊதியத் தொகுப்பும் வந்திருக்கின்றன. ஓ.டி. இரண்டு மடங்கு என்பதில் மாற்றமில்லை. ஆனால் "ஊதியம்" என்ற சொல்லுக்குப் புதிய விளக்கம் வந்திருக்கிறது. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓ.டி., கமிஷன் போன்ற சிலவற்றைப் பெயர் சொல்லி வெளியே வைத்திருக்கிறது. அப்படி வெளியே வைத்தவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி திரும்ப ஊதியத்தில் சேரும். உங்கள் விஷயத்தில் வெளியே போவது 3,120ம் 1,040ம், ஆக 4,160. இது பாதிக்கு வெகு கீழே, எனவே திரும்பச் சேர்க்க ஒன்றும் இல்லை. மீதி 16,640. கவனியுங்கள், 15,600 இல்லை. இதர படி அந்த வெளியே வைக்கும் பட்டியலில் கிடையாது, அதனால் 1,040 உள்ளேயே நிற்கிறது. 16,640ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 640, மணிக்கு 80, இரட்டிப்பு 160. 22 மணிக்கு 3,520.

ஆகவே உறுதியானதையும் வாதத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். கம்பெனி புதிய சட்டத்தைக் காட்டி 160 என்று சொன்னால் அதற்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. உங்கள் நியமனக் கடிதமோ, சங்கத்தோடு போட்ட ஒப்பந்தமோ கிராஸில் இரட்டிப்பு என்று சொன்னால் நீங்கள் 200 கேட்கலாம். தொழிலாளிக்குக் கூடுதல் நன்மை தரும் ஒப்பந்தத்தைப் புதிய தொகுப்பு பறிக்கவில்லை. 160க்கும் 200க்கும் நடுவில் இருப்பது பேசித் தீர்க்க வேண்டிய இடம். ஆனால் 130 அந்த இடைவெளிக்குள் வரவே இல்லை. பழைய சட்டத்தில் பார்த்தாலும் புதிய சட்டத்தில் பார்த்தாலும் அது குறைவு. இதர படி என்பது வேலைக்காக ஆகும் செலவுக்குத் தருவது என்று கம்பெனி சொல்லி அதையும் கழித்தால்கூட, 26ஆல் வகுக்கும்போது 150 வரும். அப்போதும் 130 வராது.

26ஆ 30ஆ என்பதற்கு வருவோம். ஓ.டி.யைக் கணக்கிட 26ஆல் வகு என்று தொழிற்சாலைகள் சட்டத்தில் எண் போட்டு எழுதவில்லை. அதனால்தான் சில கம்பெனிகள் 30ஐப் பிடித்துக்கொள்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தானே மாதச் சம்பளம் தருகிறோம் என்பது அவர்கள் வாதம். அது முழுக்க அர்த்தமில்லாத வாதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய பணிக்கொடைச் சட்டம் மாதச் சம்பளக்காரருக்கு 26ஆல் வகுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. குறைந்தபட்சக் கூலியிலும் தினக்கூலியை மாதக் கூலியாக மாற்ற 26 என்பதுதான் நெடுநாள் வழக்கம். எல்லாவற்றையும்விட வலுவான சான்று உங்கள் பேஸ்லிப்பிலேயே இருக்கிறது. வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கும்போது, வேலை செய்ய வேண்டிய மொத்தக் காலத்தில் வராத காலம் எத்தனை பங்கோ அந்தப் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது விதி. உங்கள் கம்பெனி அந்தக் காலத்தை 26 நாள் என்று எடுத்து 800 பிடித்திருக்கிறது. அந்தப் பிடித்தம் சரிதான், அதில் சண்டை வேண்டாம். ஆனால் ஒரு மாத வேலை 26 நாள் என்று அவர்களே ஒப்புக்கொண்ட பிறகு, ஓ.டி.க்கு மட்டும் அது எப்படி 30 ஆகும்? இந்த ஒரு கேள்வியை வைத்துப் பேசுங்கள். பல இடங்களில் இதற்குப் பதில் இல்லாமல் கணக்கைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் எப்போதும் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் சம்பள சாஃப்ட்வேர் புதிதாக வந்தபோது, ஓ.டி. எந்தெந்தத் தலைப்பின் மேல் கணக்காக வேண்டும் என்று டிக் செய்யும் ஒரு திரை இருந்தது. பேசிக், டி.ஏ. இரண்டை மட்டும் டிக் செய்துவிட்டு நான் அடுத்த திரைக்குப் போய்விட்டேன். நாளை எத்தனையால் வகுப்பது என்ற இடத்தில் அதுவாகவே 30 நின்றது, அதையும் தொடவில்லை. பதினான்கு மாதம் யாரும் கேட்கவில்லை. கிரைண்டிங் பிரிவில் ஒரு பெரியவர், வாணியம்பாடிக்காரர், தன் பாக்கெட் நோட்டில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதி வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "தம்பி, நீ சொல்ற டபுளுக்கும் என் கையில வர்ற டபுளுக்கும் ஒத்துப்போகலையே" என்றார். அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தபோதுதான் என் தவறு தெரிந்தது. நூற்றிச் சொச்சம் பேருக்கு நிலுவை போட்டுக் கொடுத்தோம். வேலையை விட்டுப் போயிருந்த சிலரை மட்டும் கடைசிவரை தேடிப்பிடிக்க முடியவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

மணி நேரத்தை எண்ணும் விதத்தையும் பாருங்கள். பழைய சட்டத்தில் ஒரு நாளில் 9 மணிக்கு மேலோ, ஒரு வாரத்தில் 48 மணிக்கு மேலோ போனால்தான் ஓ.டி. ஆறு நாளும் எட்டு மணி நேரம் வேலை செய்தவருக்கு 48 நிறைந்துவிடும், அதற்கு மேல் ஒவ்வொரு மணியும் ஓ.டி. ஆனால் நீங்கள் ஒரு நாள் வராத வாரத்தில் 40 மணிதான் ஆகியிருக்கும். அந்த வாரத்தில் இரண்டு நாள் ஒவ்வொரு மணி நேரம் கூடுதலாக நின்றிருந்தால், பழைய கணக்கில் அந்த இரண்டு மணி இரட்டிப்புக்கு வராது. புதிய தொகுப்பு ஒரு நாளின் வேலை நேரத்தை 8 மணி என்று வைத்திருக்கிறது, அதனால் ஒன்பதாவது மணியும் கணக்குக்கு வர வேண்டும். உங்கள் கையிலிருக்கும் குறிப்பும் கம்பெனியின் 22 மணியும் ஒத்துப்போகவில்லை என்றால், நீங்கள் லீவு போட்ட வாரத்தை முதலில் பாருங்கள். பெரும்பாலும் வித்தியாசம் அங்கேதான் இருக்கும். அடிப்படைக்கு மட்டும் புதிய சட்டம், மணிக்குப் பழைய சட்டம் என்று எடுத்திருக்கிறார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

சரி, லீவுப் பணம். பழைய சட்டத்தில் ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால், வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் அடுத்த ஆண்டில் சம்பளத்தோடு லீவு உண்டு. 262 நாள் வேலை செய்தவருக்கு 13 நாள். எடுக்காத லீவில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். புதிய தொகுப்பில் 20 நாளுக்கு ஒன்று என்பது அப்படியே இருக்கிறது, தகுதி மட்டும் 240லிருந்து 180ஆகக் குறைந்திருக்கிறது. உடம்பு முடியாமல் ஒரு ஆண்டில் 200 நாள்தான் வந்தவருக்கு முன்பு ஒன்றுமே கிடைக்காது, இனி 10 நாள் கிடைக்கும். ஆண்டு முடிவில் மிச்ச லீவைப் பணமாகக் கேட்டு வாங்கும் உரிமையும் இதில்தான் புதிதாக வந்திருக்கிறது. முன்பு வேலையில் இருக்கும்போது லீவைக் காசாக்குவது கம்பெனி வழக்கத்தையோ ஒப்பந்தத்தையோ பொறுத்தது.

லீவு நாளுக்கு என்ன விலை என்பதைப் பழைய சட்டத்தின் 80ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. லீவுக்கு முந்தைய மாதத்தில் உண்மையில் வேலை செய்த நாட்களுக்குக் கிடைத்த முழு நேரச் சம்பளத்தின் ஒரு நாள் சராசரி, அதில் ஓ.டி.யும் போனஸும் சேராது. இந்தச் சராசரி "வேலை செய்த நாட்களுக்கு" என்பதைக் கவனியுங்கள். 30ஆல் வகுக்க அதில் வழியே இல்லை. 26 நாள் வேலை செய்து 20,800 வாங்கிய மாதத்துக்கு அது 800, ஆக 5 நாளுக்கு 4,000. புதிய ஊதிய விளக்கத்தைப் பிடித்தால் நாளுக்கு 640, 5 நாளுக்கு 3,200. நீங்கள் வாங்கிய 2,600 இரண்டிலும் சேரவில்லை. ஓ.டி.யில் நடந்த அதே தவறு, ஒரே திரையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

போனஸுக்கு வரும்போது அடிப்படை முற்றிலும் வேறு. போன தீபாவளிக்கு வந்தது 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கானது, எனவே 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம்தான் அதற்குப் பொருந்தும். இங்கே பேசிக்கும் டி.ஏ.வும்தான் சம்பளம். வாடகைப்படி, ஓ.டி. எதுவும் சேராது, அதைக் கேட்டு வாதாட வேண்டாம். அந்தச் சம்பளம் 21,000ஐத் தாண்டாதவருக்கு, ஆண்டில் 30 நாளாவது வேலை செய்திருந்தால் போனஸ் உண்டு. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். ஆனால் அந்தச் சதவீதத்தை 15,600 மீது போட மாட்டார்கள், ஒரு உச்சவரம்பின் மீதுதான் போடுவார்கள்.

உங்கள் 6,997 எப்படி வந்தது என்று பாருங்கள். 7,000க்கு 8.33 சதவீதம் 583 ரூபாய் 10 காசு, பன்னிரண்டு மாதத்துக்கு 6,997. அதாவது 7,000 உச்சவரம்பில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சட்டம் சொல்வது 7,000 மட்டும் அல்ல. 2015ஆம் ஆண்டுத் திருத்தம், 7,000 அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அது என்றது. பல கம்பெனிகளும் அந்த "எது அதிகமோ" என்ற வார்த்தையை விட்டுவிடுகின்றன. கர்நாடகத்தில் குறைந்தபட்சக் கூலி தொழில் வாரியாகவும், திறன் வாரியாகவும், ஊர் மண்டல வாரியாகவும் வேறுபடும், அதனோடு மாறும் பஞ்சப்படியும் சேரும். உங்கள் தொழிலுக்கு அந்த ஆண்டு என்ன தொகை என்பதை அரசு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு புரிவதற்காக மட்டும் அது 14,000 என்று வைத்துக்கொள்வோம். 14,000க்கு 8.33 சதவீதம் 1,166 ரூபாய் 20 காசு, பன்னிரண்டு மாதத்துக்கு 13,994. வாங்கியதைப் போல சரியாக இரண்டு மடங்கு. ஓ.டி., லீவு இரண்டிலும் சேர்த்து வந்த குறையைவிட இந்த ஒன்றில் போயிருப்பது பெரிய தொகையாக இருக்கலாம். ஆயுத பூஜைக்கு இனிப்புப் பெட்டியோடு கவரில் வருவதால் போனஸை ஒரு அன்பளிப்புபோல வாங்கிக்கொண்டு எண்ணாமல் வைத்துவிடுகிறோம். அது நீங்கள் ஏற்கெனவே உழைத்த ஆண்டின் கூலி.

பிடித்தங்களில் இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாதத்தில் ஒரு நாள் வெட்டிய பிறகு பேசிக்கும் டி.ஏ.வும் 15,000, அதில் 12 சதவீதம் பி.எஃப். 1,800 ரூபாய். ஓ.டி. மீது பி.எஃப். கிடையாது, பிடித்திருந்தால் கேளுங்கள். அடுத்தது இ.எஸ்.ஐ. அதன் வரம்பு 21,000, நீங்கள் 20,800. ஓ.டி. சேர்ந்து 21,000ஐத் தாண்டிய மாதத்தில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை என்று சொல்லி யாராவது அட்டையை நிறுத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி.யைச் சேர்க்கக் கூடாது.

இனி செய்ய வேண்டியது. வாய்ச்சண்டை வேண்டாம், ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதி எச்.ஆரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓ.டி. மணிக்கு 130 என்பது எந்தெந்தத் தலைப்பின் மேல், எத்தனை நாளால் வகுத்து வந்தது? வராத நாளுக்கு 26, லீவுப் பணத்துக்கு 30 என்று எடுத்தது ஏன்? போனஸ் 7,000 மீதா, குறைந்தபட்சக் கூலி மீதா? இப்படிக் குறிப்பாகக் கேட்டால் தப்பு இருக்கும் இடத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நியமனக் கடிதம், கடந்த பன்னிரண்டு மாத பேஸ்லிப், பஞ்ச் நேரத்தைக் கைபேசியில் எடுத்த படங்கள் ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் கார்மிக பவனத்துக்குப் போய்த் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். சம்பளக் குறைவுக்கு மனு கொடுக்கப் பழைய சட்டத்தில் பன்னிரண்டு மாதம்தான் அவகாசம் இருந்தது. ஊதியத் தொகுப்பு அதை மூன்று ஆண்டாக நீட்டியிருக்கிறது. உங்கள் நியமனக் கடிதத்தில் ஓ.டி. பற்றிய வரி ஏதாவது இருந்தால் பெயரையும் கம்பெனியையும் மறைத்துவிட்டு இங்கே எழுதுங்கள். 160ஆ 200ஆ என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.